எஃப்.டி. மீதான கடன் கோப்பைச் சரிபார்ப்பது எப்படி: மார்ஜின், வட்டி, லியன்

வங்கிக் கிளையின் கடன் பிரிவுக்கோ உடன்நிகழ் தணிக்கைக்கோ புதிதாக வருபவரிடம் முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் நிரந்தர வைப்பு மீதான கடன் கோப்புதான். பணம் நம்மிடமே இருக்கிறது, இதில் என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது என்ற நினைப்பில் எல்லோரும் அதை வேகமாகப் புரட்டுவார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் புரட்டினேன். இந்தக் கடனில் பணம் கொடுத்த அன்று எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கோளாறு பத்து, பதினைந்து மாதம் கழித்து வெளியே வரும். ஆகவே ஒப்புதல் தேதியன்று கணக்கு சரியா என்பதோடு நிறுத்தக் கூடாது. வைப்பு முதிரும் தேதியன்றும் சரியாக இருக்குமா என்று பார்த்தாக வேண்டும்.

ஒரே ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட கோப்பு இது. ஆனால் இதில் உள்ள பிழைகள் ஒவ்வொன்றும் கிளைகளில் நடப்பவை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கணவருடன் சேர்ந்து, ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் 5,00,000 ரூபாயை 24 மாதத்துக்குப் போட்டிருக்கிறார். பொது வட்டி 6.50 சதவீதம், மூத்த குடிமக்களுக்கான கூடுதல் 0.50 சதவீதம், ஆக 7 சதவீதம். வட்டி மாதாமாதம் அவருடைய சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். ஆறு மாதம் கழித்து, வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்து கடன் கேட்கிறார். ஒப்புதல் குறிப்பில் இப்படி இருக்கிறது: கடன் 4,50,000 ரூபாய், மார்ஜின் 10 சதவீதம், வட்டி 7.50 சதவீதம், திருப்பிச் செலுத்துவது 18 மாதம் கழித்து வைப்பு முதிரும்போது ஒரே தவணையாக, வைப்பிலிருந்து பணம் வெளியே போகாமல் பிடித்து வைக்கும் லியன் 4,50,000 ரூபாய்க்கு. மேலோட்டமாகப் பார்த்தால் குறையே தெரியாது.

முதலில்: இந்த வைப்பை ஈடாக வைக்க முடியுமா?

கணக்குப் போடுவதற்கு முன் ரசீதையும் திரையையும் ஒப்பிடுங்கள். வைப்பு எண், பெயர்கள், தொகை, முதிர்வு தேதி, வட்டி வழங்கும் முறை ஆகியவை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீது இல்லாமல் இணையவழியில் போட்ட வைப்பு என்றால் திரையில் இருப்பதே ஆதாரம்.

வருமான வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்தாண்டு வைப்பாக இருந்தால் அங்கேயே கோப்பை மூடிவிடலாம். அதை அடமானம் வைக்க 2006ஆம் ஆண்டுத் திட்டமே இடம் தரவில்லை. சிறுவர் பெயரில் உள்ள வைப்பு என்றால், பாதுகாவலர் அந்தப் பிள்ளையின் நலனுக்காகத்தான் கடன் வாங்குகிறார் என்ற உறுதிமொழி கோப்பில் இருக்க வேண்டும்.

நம் கோப்பு கூட்டு வைப்பு. ‘இருவரில் ஒருவர்’ என்று இருப்பதால் ஆசிரியையின் கையெழுத்து மட்டும் போதும் என்று கிளையில் நினைத்துவிட்டார்கள். முதிர்ந்த பணத்தை வாங்கிக்கொள்வதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஈடு வைப்பதற்கு இருவருடைய கையெழுத்தும் வேண்டும். லியன் கடிதத்திலும், ரசீதின் பின்புறம் இடும் விடுவிப்பிலும் கணவரும் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் நாளை அவர், “எனக்குத் தெரியாமல் என் பணத்தை எப்படிப் பிடித்தீர்கள்?” என்று கேட்டால் கிளையிடம் பதில் இருக்காது. இதுதான் நம் கோப்பின் முதல் குறை.

இரண்டாவது: மார்ஜின். எதன் மீது பத்து சதவீதம்?

வைப்பின் மதிப்பில் கடனாகக் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கும் பங்குதான் மார்ஜின். பல வங்கிகளில் இது 10 சதவீதம். சில வங்கிகளில், சில வகை வைப்புகளுக்கு அதைவிட அதிகம். உங்கள் வங்கியின் சுற்றறிக்கையில் உள்ள எண்ணே உங்களுக்கு விதி. ஆனால் எண்ணைவிட முக்கியமான கேள்வி, அந்தச் சதவீதத்தை எந்தத் தொகையின் மீது கணக்கிட்டார்கள் என்பது.

ஒரு வைப்புக்கு மூன்று மதிப்புகள் உண்டு. போட்ட தொகை, இன்றுவரை சேர்ந்த வட்டியோடு கூடிய தொகை, முதிர்வுத் தொகை. ரசீதில் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் முதிர்வுத் தொகைதான். புதியவர்கள் தடுமாறும் இடம் அதுவே.

இதைப் புரிந்துகொள்ள, ஆசிரியையின் வைப்பு மாத வட்டி வைப்பாக இல்லாமல், வட்டி உள்ளேயே சேரும் வைப்பாக இருந்திருந்தால் என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்வோம். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்ந்து, ஆறாவது மாத முடிவில் 5,17,653 ரூபாய் ஆகியிருக்கும். முதிர்வுத் தொகை 5,74,441 ரூபாய். ரசீதில் உள்ள முதிர்வுத் தொகையில் 90 சதவீதம் கொடுத்தால் கடன் 5,16,997 ரூபாய். இன்றைய மதிப்பிலிருந்து கழித்துப் பாருங்கள், மிஞ்சுவது 656 ரூபாய். குறிப்பில் ‘மார்ஜின் 10 சதவீதம்’ என்று எழுதியிருந்தாலும், உண்மையில் மார்ஜினே இல்லை. அந்தக் கடன் 18 மாதத்தில் 8 சதவீத வட்டியோடு சுமார் 5,82,700 ரூபாயாகி முதிர்வுத் தொகையையும் தாண்டிவிடும். எனவே முதிர்வுத் தொகை கணக்குக்குள் வரவே கூடாது.

இன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாமா? பல வங்கிகள் அனுமதிக்கின்றன. ஆனாலும் போட்ட தொகையை அடிப்படையாகக் கொள்வதே எனக்குப் பிடித்த வழி. காரணம், கடன் கெட்டுப்போய் வைப்பை இடையில் முறித்தால் ஒப்பந்த வட்டி கிடைக்காது. ஓடிய காலத்துக்கு உரிய குறைந்த வட்டியைத்தான் கணக்கிடுவார்கள், அதிலும் பெரும்பாலும் அபராதம் கழியும். திரை காட்டும் இன்றைய மதிப்பு, முறிக்கும் நாளில் கைக்கு வரும் தொகையைவிட அதிகம்.

இப்போது உண்மையான கோப்புக்குத் திரும்புவோம். ஆசிரியையின் வைப்பில் வட்டி மாதாமாதம் வெளியே போய்விடுகிறது. வைப்பு எப்போதும் 5,00,000 ரூபாயாகவே நிற்கும். கடனோ ஒரே தவணை. வட்டி மாதந்தோறும் கடனோடு சேர்ந்துகொண்டே போகும். முதிர்வு தேதியில் கடன் எவ்வளவு என்பதை விரிதாளில் ஒரே வரியில் பார்க்கலாம். வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன் 7.50 இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

```
=450000*(1+8/1200)^18
```

விடை 5,07,172. வைப்பு 5,00,000. முதிரும் நாளில் ஈட்டைவிடக் கடன் 7,172 ரூபாய் அதிகம். 18க்குப் பதிலாக 15, 16 என்று போட்டுப் பார்த்தால், பதினாறாவது மாதத்திலேயே கடன் 5,00,000ஐத் தாண்டிவிடுவது தெரியும். ‘மார்ஜின் 10 சதவீதம்’ என்ற வரி முதல் நாளில் உண்மையாக இருந்தது. ஒரு மாத வட்டி ஏறியதுமே அது உண்மையில்லாமல் போய்விட்டது.

வட்டி உள்ளேயே சேரும் வைப்பாக இருந்தால் இந்த ஆபத்து இல்லை. அதே 4,50,000 கடன் 5,07,172 ஆகும்போது வைப்பு 5,74,441 ஆகியிருக்கும். வட்டியில் மூலவரி பிடித்தம் உள்ளவராக இருந்தால் 10 சதவீத விகிதத்தில் ஏறத்தாழ ஏழாயிரத்துச் சொச்சம் குறையும், அப்போதும் சுமார் 60,000 ரூபாய் இடைவெளி மிஞ்சும். ஒரே தொகை, ஒரே வட்டி, ஒரே காலம். வட்டி வழங்கும் முறை மட்டும்தான் வேறு. அதனால்தான் அந்த ஒரு விவரத்தை ரசீதில் தேடிப் பாருங்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

இது கணக்கு அழகுக்காகச் சொல்வதல்ல. பொதுவாக ஒரு கடன் 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் வாராக்கடன் ஆகிவிடும். வைப்பு மீதான கடனுக்கு மட்டும், போதிய மார்ஜின் இருக்கும்வரை அப்படி வகைப்படுத்தத் தேவையில்லை என்று ரிசர்வ் வங்கி விலக்கு அளித்திருக்கிறது. மார்ஜின் கரைந்தால் அந்த விலக்கின் அடிப்படையும் கரைந்துவிடும்.

மாத வட்டி வைப்பில் இன்னொரு பள்ளமும் உண்டு. ஆறு மாதமாக 7 சதவீதக் கணக்கில் மாதம் சுமார் 2,900 ரூபாய் ஆசிரியைக்குக் கொடுத்தாகிவிட்டது. இன்று வைப்பை முறித்து, அபராதம் போக 4.50 சதவீதம்தான் உரியது என்று வந்தால், கூடுதலாகக் கொடுத்த சுமார் 6,000 ரூபாயை அசலிலிருந்து கழிப்பார்கள். கையில் வருவது ஐந்து லட்சம்கூட இல்லை, சுமார் 4,94,000.

சரி, என்ன செய்யலாம்? மாத வட்டியைச் சேமிப்புக் கணக்குக்குப் பதிலாகக் கடன் கணக்குக்குத் திருப்பிவிடலாம். மாதக் கடன் வட்டி சுமார் 3,000, உள்ளே வருவது சுமார் 2,900. மாதம் நூறு ரூபாய்தான் ஏறும். 18 மாதத்தில் கடன் சுமார் 4,52,000. மார்ஜின் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆனால் ஓய்வுபெற்றவருக்கு அந்த 2,900 ரூபாய் மளிகைக்கும் மருந்துக்குமான பணமாக இருக்கலாம். அவரைக் கேட்காமல் திருப்பிவிடுவது நியாயமில்லை. எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். வட்டி அவருக்கு வேண்டும் என்றால் கடனைக் குறைக்க வேண்டும். முதிர்வில் கடன் 4,50,000ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், இன்று கொடுக்கக்கூடியது சுமார் 3,99,000 ரூபாய். இரண்டு வழிகளையும் அவர் முன் வைத்து, தேவை எவ்வளவு என்று கேட்டுவிட்டு எழுதிய ஒப்புதல்தான் நல்ல ஒப்புதல்.

மூன்றாவது: வட்டி. எந்த விகிதத்தின் மேல் ஒரு சதவீதம்?

சொந்த வைப்பின் மீது கடன் வாங்கினால், வைப்பு வட்டிக்கு மேல் 1 சதவீதம் என்பது பரவலான வழக்கம். இந்த இடைவெளியைத்தான் வங்கியில் ஸ்ப்ரெட் என்கிறோம். நம் கோப்பில் 7.50 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். எப்படி வந்தது? வட்டி அட்டவணையைப் பார்த்து, பொது வட்டியான 6.50 உடன் 1 சேர்த்திருக்கிறார்கள். ஆனால் வங்கி ஆசிரியைக்குக் கொடுப்பது 7 சதவீதம். ஒப்பந்த வட்டியோடு சேர்த்தால் 8 சதவீதம் வர வேண்டும். குறிப்பில் ‘ஸ்ப்ரெட் 1 சதவீதம்’ என்று இருந்தாலும் நடப்பில் இருப்பது அரை சதவீதம். ஆண்டுக்கு 2,250 ரூபாய் வருமானம் குறைகிறது. ஒரு கோப்பில் இது சிறிய தொகைதான், ஆனால் அட்டவணையைப் பார்த்து எழுதும் பழக்கம் உள்ள கிளையில் மூத்த குடிமக்களின் எல்லாக் கடன்களிலும் இதே பிழை இருக்கும். ஒன்று கிடைத்தால் மற்றவற்றையும் எடுத்துப் பாருங்கள்.

சரிபார்க்கும் வழி எளிது. அட்டவணையை மூடி வையுங்கள். திரையில் அந்த வைப்புக் கணக்கின் வட்டியைப் பாருங்கள், கடன் கணக்கின் வட்டியைப் பாருங்கள், கழியுங்கள். ஒப்புதல் குறிப்பில் சரியாக எழுதிவிட்டு, கணினியில் கணக்குத் திறக்கும்போது தவறாகப் போட்டிருக்கும் கோப்புகளும் இப்படித்தான் பிடிபடும்.

பல வைப்புகளின் மீது ஒரே கடன் என்றால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். 2,00,000 ரூபாய்க்கு 6.50 சதவீதமும் 3,00,000 ரூபாய்க்கு 7.25 சதவீதமும் என்றால், எடையிட்ட சராசரி 6.95. கடனுக்கு 7.95 வர வேண்டும். முதல் ரசீதை மட்டும் பார்த்து 7.50 போட்டால் மீண்டும் அதே பிழைதான். சராசரியா, அதிகமான வட்டியா என்பதை உங்கள் வங்கியின் திட்டம் சொல்லும். முதலில் கைக்கு வந்த ரசீதின் வட்டி என்று எந்தத் திட்டமும் சொல்லாது.

வைப்பு ஒருவருடையது, கடன் வேறொருவருக்கு என்றால் விதியே மாறுகிறது. மாறும் வட்டிக் கடன்களை வங்கிகள் ஓர் அளவுகோல் விகிதத்தோடு இணைத்தே கொடுக்க வேண்டும் என்பது பொதுவிதி. சொந்த வைப்பின் மீதான கடனுக்கு ரிசர்வ் வங்கியின் வட்டி விகித நெறிகள் விலக்கு தருகின்றன. கடன் வாங்குபவரின் பெயரில் தனியாகவோ கூட்டாகவோ வைப்பு இருக்க வேண்டும். கூட்டாளி பெயரில் வைப்பு, கடன் கூட்டு நிறுவனத்துக்கு என்றாலும் பொருந்தும். மகனுடைய தொழிலுக்கு அப்பாவின் வைப்பை ஈடாக வைத்தால் அந்த விலக்கு இல்லை. அந்தக் கோப்பில் ‘வைப்பு வட்டிக்கு மேல் 1’ என்று பார்த்தால் கேள்வி எழுப்புங்கள். பல வங்கிகள் இத்தகைய கடனுக்குக் கூடுதல் ஸ்ப்ரெட் வைத்திருக்கின்றன.

வாடிக்கையாளர் கேட்டால் சொல்வதற்கு ஒன்று. வைப்பு வட்டி காலாண்டுக்கு ஒருமுறை சேர்கிறது, கடன் வட்டி மாதம் ஒருமுறை. 7 சதவீதம் ஆண்டில் 7.19 ஆகிறது, 8 சதவீதம் 8.30 ஆகிறது. ஆகவே உண்மையான இடைவெளி ஒன்றைவிடச் சற்று அதிகம்.

நான்காவது: லியன். எவ்வளவுக்கு, எந்தத் தேதிவரை?

லியன் மார்க் செய்வது என்றால், இந்த வைப்பிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்று கணினியில் பூட்டுப் போடுவது. காகிதத்தில் லியன் கடிதம் இருந்தாலும், ரசீதின் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தாலும், கணினியில் பூட்டு இல்லை என்றால் வேறொரு கிளையில் வைப்பை முடித்துக்கொள்ள முடியும். எனவே கடிதத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், திரையைப் பாருங்கள்.

திரையில் முதலில் பார்க்க வேண்டியது எந்தக் கணக்கில் லியன் விழுந்திருக்கிறது என்பது. வைப்பு எண்ணுக்குப் பதிலாகச் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்த கோப்பு ஒன்றை நானே கண்டிருக்கிறேன். சேமிப்பில் ஐயாயிரம் ரூபாய்கூட இல்லை. அடுத்து நேரம். லியன் பதிவான பிறகே கடன் பணம் வெளியே போயிருக்க வேண்டும். தேதி மட்டும் ஒன்றாக இருப்பது போதாது, இரண்டு பதிவுகளின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஏற்கெனவே வேறு லியன் இருக்கிறதா என்றும் பாருங்கள். வங்கி உத்தரவாதத்துக்காகவோ, நீதிமன்றம் அல்லது வரித்துறையின் முடக்கத்துக்காகவோ அந்த வைப்பு முன்பே பிடிபட்டிருந்தால், மிச்சத்தின் மீதுதான் நமக்கு இடம்.

தொகைக்கு வருவோம். நம் கோப்பில் லியன் 4,50,000 ரூபாய்க்கு மட்டும். கணினியைப் பொறுத்தவரை மீதி 50,000 சுதந்திரமான பணம். பகுதியாக எடுக்க அனுமதி உள்ள வைப்பு என்றால் அது வெளியே போய்விடும். அந்த ஐம்பதாயிரம்தான் மார்ஜின். மார்ஜினைப் பூட்டாமல் விட்டுவிட்டு மார்ஜின் வைத்திருக்கிறோம் என்று எழுதுவதில் பொருள் இல்லை. முழு வைப்பின் மீதும், சேரும் வட்டியின் மீதும் லியன் இருக்க வேண்டும். இதையே லியன் கடிதத்தின் வாசகமும் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். முழு வைப்பையும் பூட்டினாலும் மாத வட்டி வெளியே போவது பெரும்பாலும் நிற்காது. அது தனி ஆணையாக ஓடும். ஆகவே வட்டியைக் கடனுக்குத் திருப்புவதாக முடிவு செய்திருந்தால், அந்த ஆணை மாற்றப்பட்டிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அடுத்த மாத வட்டி எந்தக் கணக்கில் விழுந்தது என்பதைப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

கடைசியாக முடிவுத் தேதி. பல கிளைகளில் லியனுக்கு முடிவுத் தேதியாக வைப்பின் முதிர்வு தேதியையே போட்டுவிடுகிறார்கள். அதே வைப்பில் ‘முதிர்ந்ததும் சேமிப்பில் வரவு வை’ என்ற ஆணை இருந்தால் என்ன ஆகும்? அன்று காலை லியன் காலாவதியாகும், வைப்பு முதிர்ந்து பணம் சேமிப்புக்குப் போகும், ஆசிரியை ஏடிஎம்மில் எடுத்துக்கொள்வார். அவர் மீது தவறே இல்லை. பூட்டைத் திறந்து வைத்தது நாம்தான். முடிவுத் தேதியைக் கடன் தீரும்வரை என்று வைக்க வேண்டும், அந்த வரவு ஆணையை ரத்து செய்து, முதிர்வுத் தொகை முதலில் கடனுக்குப் போகும்படி மாற்ற வேண்டும்.

தானாகப் புதுப்பிக்கும் ஆணை இருந்தாலும் இதே எச்சரிக்கை. சில கணினி அமைப்புகளில் புதுப்பித்த வைப்புக்குப் புதிய எண் வரும். லியன் பழைய எண்ணோடு தங்கிவிடும். வட்டியும் மாறியிருக்கும், எனவே கடன் வட்டியையும் புதிய விகிதத்துக்கு மேல் திருத்த வேண்டும். இப்படிப் புதுப்பித்துக்கொண்டே போகும் கடன்களில் புரோநோட்டின் தேதியையும் பாருங்கள். மூன்று ஆண்டில் அது காலாவதியாகும். அதற்குள் புதிதாக வாங்கியிருக்க வேண்டும்.

குறிப்பு எழுதுவது

நம் கோப்புக்கு நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும். “கணவரின் கையெழுத்து லியன் கடிதத்திலும் ரசீதிலும் இல்லை. மாத வட்டி வைப்பு என்பதால் பதினாறாவது மாதத்தில் கடன் வைப்பைத் தாண்டும். வட்டியைக் கடனுக்குத் திருப்பச் சம்மதம் பெறவும், அல்லது கடனை 3,99,000 ரூபாய்க்குக் குறைக்கவும். வட்டி 8 சதவீதம் இருக்க வேண்டும், 7.50 போடப்பட்டுள்ளது. லியன் முழு வைப்புக்கும் கடன் தீரும்வரைக்கும் மாற்றவும். சேமிப்பில் வரவு வைக்கும் ஆணையை ரத்து செய்யவும்.” ‘மார்ஜின் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் கிளையில் ‘10 சதவீதம் இருக்கிறதே’ என்று பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். மாதத்தையும் தொகையையும் எழுதினால் அவர்களே விரிதாளில் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

பணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால், வட்டியைத் திருத்தும் முன் கடன் ஒப்பந்தத்தில் ஆசிரியை எந்த விகிதத்துக்குக் கையெழுத்திட்டார் என்று பாருங்கள். 7.50க்குக் கையெழுத்து வாங்கிவிட்டு, அவருக்குத் தெரிவிக்காமல் 8 பிடிக்கக் கூடாது. லியன் திருத்தத்தை மட்டும் அன்றே செய்யச் சொல்லுங்கள், மற்றவற்றுக்கு அவரையும் கணவரையும் கிளைக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசலாம்.